கெப்பாசிட்டர் அறைக்கு ஒரு தமிழ்க் குறிப்பு

யதிராஜனின் பிள்ளை வரதுவுக்கு மூன்று வயது முடியப் போகிறது; தலையில் இன்னும் கத்தி படவில்லை. திருமலைக்கு நேர்ந்துகொண்ட முதல் முடி, அதை அங்கே போய்த்தான் இறக்க வேண்டும். முடியோ யாருக்காகவும் காத்திருக்காமல் தோளைத் தாண்டி இறங்கிவிட்டது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பூ விற்கும் வெள்ளையம்மாள் அவனைப் பெண்குழந்தை என்றே முடிவு கட்டி, சாயங்காலம் தோறும் ஒரு விரற்கடை கதம்பம் இலவசமாகக் கிள்ளிக் கொடுத்து வந்தாள். திருத்திச் சொல்ல அவன் அம்மா செண்பகவல்லிக்கு வாய் வரவில்லை. பின்னிவிட்ட தலையோடு நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எதைச் சொல்லித் திருத்துவது?

இரண்டு தடவை திருப்பதிக்கு டிக்கெட் எடுத்தார்கள். இரண்டு தடவையும், புறப்படுவதற்கு முன்னால் யதிராஜனைக் கூட்டிப்போக வாசலில் ஃபாக்டரி ஜீப் வந்து நின்றது.

"ஏன்னா," என்றாள் செண்பகவல்லி இரண்டாம் தடவை, கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டே. "முதல்ல அந்தக் கெப்பாசிட்டரைத் திருமலைக்கு அழைச்சிண்டு போய் முடி இறக்கிட்டு வந்துடுங்கோ. நம்ம குழந்தையை அப்புறமா பாத்துக்கலாம்."

யதிராஜன் ஜீப்பில் ஏறினான். அவள் கோபமாகப் பேசினால் சமாளிக்கலாம். இப்படிச் சிரித்துக்கொண்டே பேசினால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அரியமங்கலத்துப் பக்கம் இருந்த அந்த ஃபாக்டரியில் சைக்கிளுக்கு ஹேண்டில்பாரும் ரிம்மும் செய்தார்கள். யதிராஜன் அங்கே எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். டிப்ளமா படித்தவன், முப்பது வயது, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் ஒற்றைக் கோடாக இருக்கும். லேத்து, பிரஸ், கிரைண்டர் என்று எல்லாம் மோட்டார். மோட்டார்களுக்கு ஒரு குணம் உண்டு. வேலைக்கு வேண்டிய கரண்டை இழுப்பதோடு, உள்ளே காந்தம் உண்டாக்குவதற்கென்று இன்னொரு கரண்டையும் இழுத்து, உடனே திருப்பி அனுப்பி, மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தப் போக்குவரத்தினால் வேலை ஏதும் நடக்காது, வயர் மட்டும் சூடாகும். பவர் ஃபாக்டர் குறைவு என்று மின்சார வாரியம் முகம் சுளிக்கும். அதற்காகத்தான் கெப்பாசிட்டர் வைத்தார்கள். அது மோட்டாருக்குப் பக்கத்து வீடு மாதிரி. உறைமோர் வாங்கக் கடைவீதி வரை போகாமல் பக்கத்து வீட்டில் வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொள்கிற ஏற்பாடு. நான்கு இரும்புப் பெட்டி, நான்கு ஸ்விட்ச். நான்கையும் போட்டார்கள், வாரியம் சந்தோஷப்பட்டது, எல்லாரும் சுகமாக இருந்தார்கள்.

போன வருஷம், அதாவது அறுபத்து நாலில், குரோமியப் பூச்சுப் பிரிவுக்குப் பெரிய ரெக்டிஃபையர் ஒன்று வந்து சேர்ந்தது. பூச்சுத் தொட்டிக்குப் போகும் கரண்டை ஒரே திசைக்கு மாற்றித் தரும் யந்திரம். அது வந்த நாளிலிருந்து கெப்பாசிட்டர் அறையில் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். ஃபியூஸ் போயிற்று, மாற்றினார்கள், மறுபடி போயிற்று. ஒரு பெட்டி வயிறு உப்பி எண்ணெய் கசிந்தது, அதையும் மாற்றினார்கள். மதராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வரவழைக்கப்பட்டார். கருவிகளை வைத்துப் பார்த்தார், கணக்குப் போட்டார், இரண்டு பக்கம் இங்கிலீஷில் குறிப்பு எழுதிக் கொடுத்தார், காப்பி சாப்பிட்டார், ரயிலேறிவிட்டார்.

அந்த இரண்டு பக்கத்தை வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஃபாக்டரியில் யதிராஜன் ஒருவன்தான். ஆகவே ஸ்விட்சைப் போட வேண்டுமா, அணைக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்க, ஷிஃப்டு எதுவானாலும், ஜீப் காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்தது.

மேனேஜர் நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம். "லீவுதானே? தாராளமா எடுத்துக்கும்," என்றார். "நீர் இல்லாம நம்ம எலக்ட்ரீஷியன்களே அந்த ரூமைப் பாத்துப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை வரணும். குறிப்பைத் தமிழ்ல எழுதி வையும். அவங்க அதை வச்சுச் சமாளிச்சுட்டா, மறுநாளே கிளம்பும். பத்து நாள்கூட இருந்துட்டு வாரும்."

இது போதாதா யதிராஜனுக்கு! அன்று சைக்கிளில் வீட்டுக்கு வந்தவனுக்குப் பாலத்தின் மேல் எதிர்க்காற்றுகூடத் தெரியவில்லை.

அவன் பிறந்த குடும்பத்தில் தமிழுக்குப் பஞ்சம் இல்லை. அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். ஒரு பாசுரத்தில் ஒரு சொல் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தது, அது இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று அரை மணி நேரம் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர் பிள்ளைக்கு இரண்டு பக்க இங்கிலீஷ் ஒரு பொருட்டா? ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருமண் இட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதித் தீர்த்தான். கெப்பாசிட்டர் 'மின்தேக்கி' ஆயிற்று. நான்கும் சேர்ந்து 'மின்தேக்கி அணி'. ரெக்டிஃபையர் கிளப்பிவிடுகிற ஹார்மானிக்ஸ் என்ற உபரி அலைகளுக்குக் 'கிளையலைகள்' என்று பேர் வைத்துவிட்டு, தானே இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாய்க்கு நிறைவாக இருந்தது.

குறிப்பின் நடுவே ஒரு வாக்கியம். ரெக்டிஃபையர் ஓடும்போது மூன்று பெட்டிகள் இணைந்திருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று இன்ஜினியர் எழுதியிருந்தார். யதிராஜன் அங்கே கொஞ்சம் நின்றான். கூடினால் ஆபத்து, சரி. நான்கைப் போட்டுத்தானே அவஸ்தைப்பட்டோம். குறைந்தால் என்ன? குறையக் குறைய நல்லதுதானே? இங்கிலீஷ்காரன் பழக்கம், பத்திரம் எழுதுகிற மாதிரி எதையும் இரண்டு பக்கமும் அடைத்து எழுதுவான் என்று நினைத்துக்கொண்டு, 'மூன்று மின்தேக்கிகளுக்கு மிகாமல் இணைக்க' என்று எழுதினான். ஓசையும் நன்றாக விழுந்தது. பெருமாள் பாசுரத்தில் ஓர் எழுத்தைத் தொடப் பயப்படுகிற குடும்பத்துப் பிள்ளை, மதராஸ் இன்ஜினியருடைய இரண்டு சொல்லைக் கூசாமல் தள்ளிவிட்டான்.

எலக்ட்ரீஷியன்களில் மூத்தவர் பாலக்கரை பரக்கத் அலி. ஐம்பதைத் தாண்டியவர். யுத்த காலத்தில் கப்பல் பட்டறையில் இருந்தவர், எல்லாருக்கும் பாய். தமிழ்க் குறிப்பை யதிராஜன் நீட்டியதும் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

"மாஷா அல்லா! என்ன எழுத்து, என்ன நடை! சார், இதை இப்படியே விட்டா எண்ணெய் பட்டுப் போயிடும்" என்றார். மறுநாள் பெரிய கடைவீதியில் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. காத்தமுத்து என்கிற எலக்ட்ரீஷியன் ஏணி வைத்து ஏறி, ஆயுத பூஜைப் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தான். அத்தனை உயரத்தில் இருப்பதைப் படிக்க வேண்டுமானால் மறுபடி ஏணி வேண்டும். யதிராஜனுக்கு அது உறைக்கவில்லை. மாலை போடாததுதான் குறை என்று நினைத்தவன் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். திருப்பதிக்கு மூன்றாம் தடவையாக டிக்கெட் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு ஜீப் வந்தது.

யதிராஜன் போய்ச் சேர்ந்தபோது கெப்பாசிட்டர் அறையில் கருகிய நாற்றம். ஃபியூஸ்கள் போயிருந்தன, ஒரு பெட்டி பானை மாதிரி உப்பியிருந்தது. அதே அதிர்ச்சியில் மெயின் ஸ்விட்சும் விழுந்து, தொட்டிக்குள் இருந்த ஹேண்டில்பார்கள் பாதிப் பூச்சில் நின்று பாலாடை படிந்தாற்போல் வெளுத்துக் கிடந்தன. மேனேஜர் நடுவில் நின்றுகொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார். "இதெல்லாம் தமிழ்ல சரிப்பட்டு வராது, ஓய். அவங்க ஏதோ படிச்சு ஏதோ பண்ணியிருக்காங்க. இனிமே இங்கிலீஷ் குறிப்பே இருக்கட்டும், நீர் பக்கத்திலேயே இரும்."

பரக்கத் அலி முகம் வெளிறி நின்றார். அவர் கை வைத்த பானலில் இந்த மாதிரி ஒன்று நடந்ததே கிடையாது.

"என்ன பண்ணினீங்க பாய்? உள்ளபடி சொல்லுங்க," என்றான் யதிராஜன்.

"குறிப்புல உள்ளதைத்தான் சார் பண்ணினோம். அஞ்சு மணிக்கு லேத்து செக்‌ஷன் நின்னுடுச்சு. லோடு குறைஞ்சா பெட்டியைக் குறைக்கணும், அது நமக்குத் தெரிஞ்ச வழக்கம். குறிப்புலயும் மூணுக்கு மேல வேண்டாம்னுதானே இருக்கு? ஒண்ணைக் கழட்டி ரெண்டுல நிறுத்தினேன். நிறுத்தின கையோட சத்தம் ஆரம்பிச்சுடுச்சு. ஆம்பியர் முள்ளு ஓரத்துக்கே போயிடுச்சு சார். நாலு போட்டப்பகூட இவ்வளவு கத்தல."

யதிராஜன் மேஜை டிராயரிலிருந்து இங்கிலீஷ் குறிப்பை எடுத்துப் பிரித்தான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த இரண்டு சொல்லும் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவமானம் என்றால் சாதாரண அவமானம் இல்லை. காது வரைக்கும் சுட்டது.

"சார்," என்றான் மேனேஜரிடம். "தமிழ் மேலயும் குத்தம் இல்லே, பாய் மேலயும் குத்தம் இல்லே. நான் விட்டுட்டேன். குறையவும் கூடாதுன்னு இருந்துது. அவசியம் இல்லேன்னு நானே தள்ளிட்டேன். அவர் என் குறிப்புப்படிதான் நடந்தார்."

மேனேஜர் அவனையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு. ஆனால் குற்றத்தைத் தானே முன்வந்து எடுத்துக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது? "இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார். "சரியா வந்தாத்தான் லீவு."

டிக்கெட் மறுபடி ரத்தாயிற்று. வீட்டில் செண்பகவல்லி இந்தத் தடவை ஒன்றுமே சொல்லாமல் பிள்ளைக்குத் தலை பின்னினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் யதிராஜன் காகிதமும் பென்சிலுமாகக் கெப்பாசிட்டர் அறைக்கே வந்து, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொன்னான். பாய்க்கு மனசு வரவில்லை. சட்டம் நல்ல தேக்கு.

"முதல்ல எனக்கே ஒண்ணு புரியணும் பாய். ரெண்டு போட்டா ஏன் கத்தறது? மூணுக்கு ஏன் சும்மா இருக்கு? இது தெரியாம எழுதினதுதான் தப்பு."

"சரி சார். அந்த ரெக்டிஃபையர் அப்படி என்னதான் பண்ணுது? அதைச் சொல்லுங்க."

யதிராஜன் இன்ஜினியரின் கணக்கை வைத்துக்கொண்டு சொன்னான். கரண்டு செகண்டுக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறது. மோட்டார் அதை வழவழவென்று இழுக்கும். ரெக்டிஃபையர் கடித்துக் கடித்து இழுக்கும். அந்தக் கடியினால் ஐந்து மடங்கு வேகத்தில் ஓர் அலை, ஏழு மடங்கு வேகத்தில் ஓர் அலை, அதற்கு மேலும் சில்லறை அலைகள் லைனில் கிளம்பும். பெரியவை ஐந்தும் ஏழும்தான். ஆறாவது மடங்கில் அது எதையும் கிளப்புவதில்லை. வெளியே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டருக்கும் நடுவில் தானாக ஓர் ஆட்டம் உண்டு, அதற்கென்று ஒரு வேகம் உண்டு.

"ஊஞ்சல் மாதிரின்னு சொல்லுங்க," என்றார் பாய்.

"ஊஞ்சலேதான். அந்த வேகத்துக்கே யாராவது தள்ளிண்டு இருந்தா..."

பாய் எழுந்துவிட்டார். பக்கத்துக் கூடத்தில் மோட்டார் தூக்கும் செயின் பிளாக் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியில் ஒரு பழைய மோட்டார் மூடியை மாட்டினார். "டேய் காத்தமுத்து, இங்க வா. கண்ணை மூடிக்க. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு ஒரே தாளத்துல ஒரு விரலால தள்ளு. அது எங்க இருந்தா உனக்கென்ன, தாளம் மட்டும் மாறக் கூடாது."

காத்தமுத்து திருவானைக்காவலில் பஜனை கோஷ்டிக்கு ஜால்ரா போடுகிறவன், தாளம் தப்பாது. அவன் தள்ளத் தள்ள, பாய் செயினை நீட்டிக்கொண்டே வந்தார். மூடி முதலில் திக்குமுக்காடிச் சும்மா உதறியது. செயின் இன்னும் நீண்டது. ஓர் இடத்தில், விரல் அதே விரல்தான், மூடி மெல்ல மெல்ல வீச்சு எடுத்து, அடுத்து நின்றவன் விலாவில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு முழம் நீட்டினார், மறுபடி அடங்கிப்போயிற்று.

யதிராஜன் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டான். அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் டிப்ளமா பாஸான அன்றுகூட வரவில்லை.

"பாய், இதுதான்! பெட்டி கூடக் கூடச் செயின் நீளறது, ஆட்டம் மெதுவாறது. நாலு பெட்டின்னா அஞ்சாம் தாளம். ரெண்டு பெட்டின்னா ஏழாம் தாளம். ரெண்டுலயும் ரெக்டிஃபையர் விரல் வச்சுண்டு நிக்கறான். மூணு பெட்டின்னா நடுவுல ஆறு பக்கம் நிக்கும். அங்க தள்றதுக்கு ஆள் இல்லே."

"அப்ப ஒண்ணு?"

யதிராஜன் குறிப்பைப் பார்த்தான். "பத்துக்குப் போறது. பதினொண்ணுல ஒரு சின்ன அலை இருக்கு, கிட்டக்க வர்றது. அதனால அதுவும் வேண்டாங்கறார். மூணு, இல்லேன்னா ஒண்ணுமே கிடையாது."

"இதைச் சொல்லியிருந்தா நான் ரெண்டுல நிறுத்தியிருப்பேனா?" என்றார் பாய். கோபமாக இல்லை, நல்ல சாப்பாட்டில் உப்பு விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி.

அப்புறம் எழுத உட்கார்ந்தார்கள். மின்தேக்கி போயிற்று, எல்லாரும் பெட்டி என்றே சொன்னார்கள், பெட்டி என்றே இருந்தது. கெப்பாசிட்டர், ரெக்டிஃபையர், ஃபியூஸ், லோடு எல்லாம் அப்படியே. 'கிளையலைகள்' மட்டும் யதிராஜனுக்கு விட மனசு வரவில்லை. பாய் யோசித்துவிட்டு, அது இருக்கட்டும், அதுக்கு நம்மகிட்ட வேற பேர் இல்லையே என்று அனுமதி கொடுத்தார். அந்த ஒரு சொல் பிழைத்ததில் யதிராஜனுக்கு உண்டான திருப்தி கொஞ்சநஞ்சம் அல்ல.

நான்கு வரியில் சாரம் அடங்கியது. ரெக்டிஃபையர் ஓடும்போது மூன்று பெட்டி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். லோடு குறைந்தால் எல்லாப் பெட்டியையும் எடு, பாதியில் நிறுத்தாதே. ரெக்டிஃபையர் ஓடும்போது பெட்டி ஸ்விட்சில் கையே வைக்காதே. தொட்டியிலிருந்து சரக்கைத் தூக்கியபின், ரெக்டிஃபையரை நிறுத்திவிட்டு, அப்புறம் மாற்று. அணைத்த பெட்டிக்குள் கரண்டு தங்கியிருக்கும். மறுபடி போடவோ தொடவோ ஐந்து நிமிஷம் பொறு, தொடுவதற்கு முன் எர்த்துக் கம்பி கட்டிய கழியால் அதைத் தரைக்கு இறக்கு. இவற்றுக்குக் கீழே செயின் பிளாக் சமாசாரம் ஒரு பத்தி. பாய் கேட்டுக்கொண்டதன் பேரில் கடைசியாக ஒன்று: ஃபியூஸ் போனால் தடித்த கம்பி போடாதே. "இது நம்ம பசங்களுக்கு, சார். எனக்குந்தான்," என்றார்.

"இப்ப பரீட்சை," என்றார் பாய். "காத்தமுத்து படிக்கட்டும். படிக்கிறதை மட்டும் செய்யட்டும். நாம வாயைத் திறக்கக் கூடாது. உங்க வாயை இங்க வச்சுட்டு நீங்க திருப்பதி போக முடியாதுல்ல?"

"நான் பேச மாட்டேன்."

"நீங்க பேசுவீங்க சார்," என்று சொல்லி, பாய் தன் பெட்டியிலிருந்து வெற்றிலை எடுத்து, நல்ல கனமாக மடித்து யதிராஜன் கையில் கொடுத்தார். பாக்கு தாராளம். அதை வாயில் அடக்கிக்கொண்ட மனிதன் பேசுவதென்பது நடக்காத காரியம்.

காத்தமுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். பூச்சுப் பிரிவுக்குக் குரல் கொடுத்தான். சரக்கைத் தூக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. ரெக்டிஃபையரை நிறுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகளை எடுத்தான். யதிராஜன் வெற்றிலையை மென்றுகொண்டே தலையை ஆட்டினான். பாய் முறைத்ததும் தலையையும் நிறுத்தினான். மறுபடி போட வேண்டும். காத்தமுத்து ஸ்விட்சில் கையை வைத்தான். யதிராஜன் தடுக்க வாயைத் திறக்கப் போனான். வாய் நிறையச் சாறு. காத்தமுத்து கையை எடுத்துக்கொண்டு காகிதத்தை மறுபடி பார்த்தான். "அஞ்சு நிமிஷம்னு இருக்கு. எதை வச்சுப் பாக்குறது?" என்று சுவரைத் தேடினான். சுவரில் கடிகாரம் இல்லை. ஒருவர் மணிக்கட்டிலும் வாட்ச் இல்லை. யதிராஜன் கையில் மட்டும் இருந்தது, அவனோ இங்கே இல்லாத ஆள். ஸ்டோரிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் வந்து, கண்ணாடிச் சட்டம் இருந்த அதே ஆணியில் ஏறியது. குறிப்பு கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற உயரத்தில் பானலிலேயே ஒட்டப்பட்டது. ஐந்து நிமிஷம் ஆனபின் மூன்று பெட்டியையும் போட்டான், அப்புறம் ரெக்டிஃபையர். முள் ஒழுங்காக நின்றது. அறை அமைதியாக இருந்தது. யதிராஜன் ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து, காத்தமுத்துவைக் கட்டிக்கொள்ளாத குறையாகத் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஜீப் பாலத்தைத் தாண்டவில்லை. மேனேஜர் தானே கூப்பிட்டு லீவில் கையெழுத்துப் போட்டார். நான்காம் டிக்கெட்டைச் செண்பகவல்லி தன் கையிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள்.

காலை ரயில். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் புளியோதரை மூட்டையும் கூஜாவுமாக நின்றார்கள். வரது தண்டவாளத்தைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். கைகாட்டி இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் வாசலில் கேட்டது, அந்த ஜீப் சத்தத்தை உத்தர வீதியில் யாரும் மறக்க மாட்டார்கள்.

"வந்துடுத்து," என்றாள் செண்பகவல்லி. முகம் அப்படியே விழுந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க ஜீப்பில போங்கோ. நானும் குழந்தையும் திருப்பதி போறோம். இந்தத் தடவை டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு ஆத்துக்குத் திரும்ப மாட்டேன்" என்றாள்.

ஜீப்பிலிருந்து குதித்துக் காத்தமுத்து பிளாட்ஃபாரத்தில் ஓடி வந்தான்; மூச்சு வாங்கியது.

"சார், சார்! கிளம்பிடாதீங்க! இல்ல, கிளம்புங்க! நான் சொல்லிட்டுப் போயிடுறேன். காலையில ஃபாக்டரி முழுக்கக் கரண்டு போயிடுச்சு."

"அப்புறம்?"

"கால் மணி கழிச்சு வந்துச்சு. ஒண்ணும் ஆகல சார். நாங்களே பாத்துட்டோம். எல்லாம் ஓடுது. நீங்க ரயில்ல யார்கிட்டயாவது கரண்டு போன சேதியைக் கேட்டுட்டு, போற வழியெல்லாம் மனசு கஷ்டப்படுவீங்கன்னு பாய்தான் மேனேஜர்கிட்டச் சொல்லி ஜீப்பு வாங்கி அனுப்புனாரு."

செண்பகவல்லி பிளாட்ஃபாரத்து பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாது.

யதிராஜனுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதற்கு அடியிலேயே, சொல்லக் கொஞ்சம் வெட்கமாக, தன்னைத் தேடாமல் காரியம் நடந்துவிட்டதே என்று ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. சந்தேகம் வேறு வந்துவிட்டது. கரண்டு போனால் என்ன செய்வதென்று குறிப்பில் ஒரு வார்த்தையும் இல்லையே! மோட்டார்கள் தாமாக விடுபட்டு நின்றுவிடும். பெட்டி ஸ்விட்சுகள் போட்டது போட்டபடியே இருக்கும். கரண்டு திரும்பும்போது மோட்டார் லோடு இல்லாமல் பெட்டிகளும் ரெக்டிஃபையரும் ஒன்றாக லைனில் விழும், வோல்ட்டேஜ் எகிறும். மதராஸ் இன்ஜினியர் அதை எழுதவில்லை. அவன் நினைக்கவும் இல்லை.

"எப்படி சமாளிச்சீங்க?"

"கரண்டு போனதுமே பாய் கொஞ்சம் நின்னு யோசிச்சாரு. அன்னிக்குச் செயின் ஆடின மாதிரி, பெட்டிகளை மாட்டின மேனிக்கே விட்டா கரண்டு திரும்பி வர்றப்ப ஆட்டம் எடுத்துடும்னு சொல்லி, ரெக்டிஃபையர், பெட்டி எல்லா ஸ்விட்சையும் இறக்கச் சொன்னாரு. கரண்டு வந்ததும் முதல்ல மோட்டாருங்க, அப்புறம் மூணு பெட்டி, கடைசியா ரெக்டிஃபையர். தொட்டியில இருந்த சரக்கு போச்சு, அது கரண்டு போனா போறதுதான். உங்க குறிப்புக்குக் கீழ பென்சில்ல ஒரு வரி சேத்துட்டோம் சார். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"என்ன வரி?"

"கரண்டு போச்சா, எல்லாத்தையும் இறக்கு, வந்தா அடியிலேர்ந்து ஆரம்பி."

யதிராஜன் அதை மனசுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தான். ஒரு சொல் எடுக்க முடியாது, ஒரு சொல் சேர்க்க முடியாது. ரயில் பாலத்துப் பக்கம் கூவியது.

"கோபமா? ரொம்ப நன்னா இருக்குடா!" என்றான். வீட்டுப் பேச்சும் ஃபாக்டரிப் பேச்சும் கலந்துவிட்டது அவனுக்கு. "பேனாவால எழுதிடுங்கோ. பென்சில் அழிஞ்சுடும்."

"இன்னொண்ணு சார்." காத்தமுத்து தலையைச் சொறிந்தான். "மேனேஜர் படிச்சுப் பாத்தாரு. ரொம்ப முக்கியமான விஷயம், மதராஸ் இன்ஜினியருக்கு எழுதி அனுப்பணும்னாரு. அவருக்குத் தமிழ் தெரியாதாமே. நீங்க திரும்பி வந்ததும் அந்த வரியை இங்கிலீஷ்ல போட்டுக் கொடுக்கணுமாம்."

ரயில் வந்து நின்றது. செண்பகவல்லி யாரும் கைகொடுக்கக் காத்திராமல் பிள்ளையோடு ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். கொள்ளிடம் தாண்டி, அரியலூர் தாண்டி, விழுப்புரத்தில் வண்டி மாறுகிற வரைக்கும் யதிராஜன் அந்த ஒரு வரியை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். நான்கு விதமாகப் போட்டான். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குறைந்தது.